ஒரு பக்கத்தில் ஒரு நூலகம்

"இந்த வரியை அடித்துவிட்டால் உன் வரைபடத்தில் எந்தச் சுவர் நகரும்?"

கட்டடக்கலைக் கல்லூரிகளில் ஜூரி நாளில் மாணவர்களைத் திணறடிக்கும் கேள்வி இது. சுவரில் வரைபடங்களைக் குத்திவைத்து, மேசையில் அட்டை மாதிரியை நிறுத்தி, வெளியிலிருந்து வந்திருக்கும் கட்டடக்கலைஞர்கள் முன் தன் திட்டத்தை விளக்க வேண்டும். அதற்கு முன்னால் ஒரு பக்கத்துக்கு எழுதித் தர வேண்டியதுதான் 'கான்செப்ட் நோட்'. தமிழில் கருத்துரை எனலாம். திட்டம் ஊர்ப் பொது நூலகம் என்றால், அந்தப் பக்கம் மூன்று விஷயங்களைச் சொல்ல வேண்டும். இந்தக் கட்டடத்தின் மையக் கருத்து என்ன? அதனால் கட்டடம் என்ன உருவம் எடுக்கிறது? ஊருக்கு அதனால் என்ன ஆகிறது?

மூன்றும் ஒரே கயிற்றின் முறுக்குகளாக இருக்க வேண்டும். பெரும்பாலும் அப்படி இருப்பதில்லை. ஜூரியில் பல ஆண்டுகள் உட்கார்ந்து பார்த்ததை, ஒரு மாணவியின் திட்டம் போல ஒன்றாகத் தொகுத்துச் சொல்கிறேன்.

விரித்த புத்தகம்

முதல் வரைவில் அவள் எழுதியது: "நூலகம் அறிவின் ஆலயம். எனவே கட்டடம் விரித்த புத்தக வடிவில் அமைகிறது." நூலகம் என்றதும் பத்தில் மூன்று பேராவது இதைத்தான் எழுதுவார்கள். வானத்திலிருந்து பார்க்கும் பறவைக்குத்தான் அது புத்தகம். வாசலில் நிற்கும் வாசகருக்கு அது வெறும் சாய்ந்த கூரை.

இந்த ஆசை மாணவர்களுக்கு மட்டும் உரியதல்ல. பாரிஸில் 1996-ல் வாசகர்களுக்குத் திறக்கப்பட்ட பிரான்ஸ் தேசிய நூலகத்தில், தொமினிக் பெரோ விரித்த நான்கு புத்தகங்களைப் போல நான்கு கண்ணாடிக் கோபுரங்களை நிறுத்தினார். அந்தக் கோபுரங்களில்தான் நூல்களை அடுக்கினார்கள். ஆனால் காகிதத்துக்கு வெயில் எதிரி. கண்ணாடிக்கு உட்புறம் மரத் தடுப்புகளை வைத்து வெளிச்சத்தை மறைக்க வேண்டியிருந்தது. தொலைவிலிருந்து அடையாளமாக நிற்கும் உருவம், உள்ளே இருக்கும் நூல்களுக்கு எதிராக வேலை செய்தது.

மாணவிக்கும் அந்தக் கேள்வி வந்தது: எந்தச் சுவர் நகரும்? 'அறிவின் ஆலயம்' என்பதை அடித்தால் எதுவும் நகராது. அப்படியானால் அது கருத்து அல்ல, அலங்காரம்.

இரண்டு நாள் டீக்கடையில்

அவளுக்குக் கொடுத்த மனை சிற்றூர் ஒன்றில் பேருந்து நிறுத்தத்தை ஒட்டியது. தெற்கே சாலை, அகலம் 40 அடி, ஆழம் 90 அடி. முன்பக்கம் ஒரு பழைய வேப்பமரம். எதிர்க் கடையில் உட்கார்ந்து, காலை எட்டு முதல் இரவு எட்டு வரை அந்த இடத்துக்கும் பக்கத்துத் தெருக் கிளை நூலகத்துக்கும் யார் வருகிறார்கள், எவ்வளவு நேரம் இருக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளச் சொன்னார் அவளுடைய ஆசிரியர்.

இரண்டு நாள் குறிப்பில் மூன்று கூட்டம் தெரிந்தது. காலையில் நாளிதழுக்கு வரும் பெரியவர்கள். அவர்கள் படிப்பதைவிட, படித்ததைப் பற்றிப் பேசுவது அதிகம். காலை முதல் இரவு வரை அசையாமல் உட்காரும் போட்டித்தேர்வு மாணவர்கள். நூலகத்தின் நூல்களைத் தொடுவதே இல்லை. சொந்தக் குறிப்பேட்டைக் கொண்டுவந்து மேசையையும் மின்விசிறியையும் மட்டும் பயன்படுத்துகிறார்கள். பள்ளி விட்டபின் நாலரை மணிக்குப் பாயும் பிள்ளைகள். இருக்கும் ஒரே கூடத்தில் மூவரும் முட்டிக்கொள்கிறார்கள். கடைசியில் வெளியே அனுப்பப்படுவது எப்போதும் பிள்ளைகள்தான்.

இப்போது அவளுக்கு எழுத ஒரு வரி கிடைத்தது: "தெருவின் சத்தத்திலிருந்து உள்ளறையின் அமைதிவரை படிப்படியாகப் போகும் நூலகம் இது, அமைதியைத் தேடுகிறவர் நூல்களைக் கடந்துதான் அங்கே போக முடியும்." இதை அடித்தால் கட்டடமே கலைந்துவிடும். ஜூரி தேடுவது அப்படிப்பட்ட வரியைத்தான்.

வரி சுவராகும்போது

முன்னால் வேப்பமரத்தடியில் திண்ணை. அதன் உயரம் ஒன்றரை அடி, உட்காரத் தோதான அளவு. கட்டடத்தின் தளமும் அதே உயரம். சக்கர நாற்காலிக்கான சரிவு, ஓர் அடி ஏற 12 அடி நீளம் என்ற கணக்கில் 18 அடி வேண்டும். மரத்தைச் சுற்றி வளைத்து, வளைவில் ஒரு சமதளம் விட்டு, அதைத் திண்ணையோடு சேர்த்தாள். நாளிதழ்கள் திண்ணையிலேயே.

அடுத்து, 28 அடி அகலமும் 25 அடி ஆழமும் கொண்ட முன்கூடம். பிள்ளைகளுக்கு. பேசலாம், தரையில் படுத்துப் படிக்கலாம்.

அதற்குப் பின்னால்தான் திட்டத்தின் முதுகெலும்பு. இரண்டு வரிசை நூல் அடுக்குகள், நடுவே 4 அடி நடைவழி. ஒவ்வொரு வரிசையிலும் 3 அடி அகலமுள்ள இருபக்க அடுக்குகள் எட்டு, மொத்தம் 24 அடி. மீதி 4 அடி திறப்பு. முதல் வரிசையின் திறப்பு இடக்கோடியில், இரண்டாம் வரிசையின் திறப்பு வலக்கோடியில். அதனால் முன்கூடத்திலிருந்து உள்ளே போகிறவர், நூல்களுக்கு நடுவே முழு நீளமும் நடந்தாக வேண்டும். சத்தம் நேர்கோட்டில் நுழைய முடியாது. தேர்வு மாணவரும் தினம் இரண்டு தடவையாவது நூல்களைப் பார்த்தபடி போவார். 3 அடித் தட்டில் சுமார் 30 நூல், பக்கத்துக்கு ஆறு தட்டு என்று கணக்கிட்டால், ஓர் அடுக்கில் 360 நூல். 16 அடுக்குகளில் 5,760. சிறிய கிளைக்குப் போதும்.

கடைசியில், வடகோடியில், 20 அடி ஆழமுள்ள அமைதி அறை. நம் ஊர் வெயிலில் மேற்குச் சுவர்தான் அதிகம் காயும்; அந்தப் பக்கம் கழிப்பறையும் சாமான் அறையும் போயின. வடக்கு வெளிச்சம் பெரும்பாலான மாதங்களில் நேர் வெயிலின்றி வரும். அதனால் பெரிய சன்னல்கள் வடக்கே.

முதல் வரைவில் 'அறிவு உயர்ந்தது' என்று நூல்களை மாடியில் வைத்திருந்தாள். அது ஏன் தவறு என்பதை எடை சொல்லும். வீட்டு மாடித் தளத்தைச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ தாங்கும்படி வடிவமைப்பது இந்தியத் தர அளவு. நூல் அடுக்கறைக்கு அதுவே சுமார் 600 கிலோ. மூன்று மடங்கு. நூல்களைத் தரையில் வைத்தால் அந்தப் பாரத்தை மண் வாங்கிக்கொள்ளும், பணம் மிச்சம்.

ஜூரி கண்ட ஓட்டைகள்

"அடுக்கு 7 அடி, கூரை 11 அடி. மேலே நாலடி சும்மா கிடக்கிறதே, சத்தம் அந்த வழியாக வராதா?" என்று ஒருவர் கேட்டார். அவளிடம் பதில் இல்லை. புத்தகங்கள் சத்தத்தை உறிஞ்சும் என்று மட்டும் நம்பியிருந்தாள். கொஞ்சம் உறிஞ்சும், உண்மைதான். ஆனால் இடைவெளி இருக்கும் வரை சத்தம் அதன் மேலேறிப் போகும். திருத்தம்: முதல் வரிசையின் நடுவே கூரைவரை ஒரு செங்கல் சுவர், அதன் இருபுறமும் அடுக்குகள். நூல் எண்ணிக்கை குறையவில்லை. ஆனால் தெற்கிலிருந்து வரும் காற்று நின்றுவிட்டது. அமைதி அறைக்குக் கூரையை ஒட்டிய காற்றுத் துளைகளும் கூடுதல் மின்விசிறிகளும் தேவைப்பட்டன. ஒரு கருத்தைக் காப்பாற்ற இன்னொன்றை விலையாகக் கொடுத்தாள். அந்த விலையையும் கருத்துரையில் எழுதியது அவளுக்கு மதிப்பெண் வாங்கித் தந்தது.

இரண்டாவது கேள்வி நூலகரைப் பற்றி. சின்னக் கிளைகளில் பல இடங்களில் ஒருவர்தான் எல்லாம். வளைந்து போகும் வழியை அவர் எப்படிக் கவனிப்பார்? மேசையை முதல் திறப்பின் ஓரத்தில் போட்டாள். ஒரு பக்கம் பிள்ளைகள், மறுபக்கம் 24 அடி நடைவழி முழுவதும் அவர் கண்ணில் படும். அமைதி அறை படாது. அதற்கு வெளியே திறக்கும் தனிக் கதவு ஒன்று வைத்தாள், தீ விபத்தில் தப்ப. அந்த வழியாக நூல்கள் நடந்து போய்விடும் என்ற பயம் தீரவில்லை. அது திட்டத்தின் பலவீனமாகவே நின்றது.

பூட்டிய பிறகு

மூன்றாவது பகுதியில்தான் பல கருத்துரைகள் காற்றாகிவிடுகின்றன. 'சமூகத்தை இணைக்கும்' என்று எழுதிவிட்டு, மாலை ஆனதும் பூட்டிக்கொள்ளும் கட்டடத்தை வரைவார்கள்.

இந்தோனேசியாவின் பாண்டுங் நகரில் 2016-ல் கட்டிய பீமா நுண்நூலகம் இதற்கு நல்ல பாடம். அங்கே ஒரு சிறிய சதுக்கத்தில் மக்கள் கூடும் மேடை ஏற்கெனவே இருந்தது. ஷாவ் என்ற கட்டடக்கலை நிறுவனத்தார் அதை இடிக்கவில்லை. மேடைக்கு மேலே தூண்களில் ஒரு இரும்புப் பெட்டியைத் தூக்கி நிறுத்தி, அதை நூலகமாக்கினார்கள். மேடைக்கு நிழல் கிடைத்தது. நூலகம் மூடியிருந்தாலும் கீழே கூட்டம் நடக்கிறது. பக்கச் சுவர்கள் ஐஸ்க்ரீம் வாளிகள், சுமார் இரண்டாயிரம். சிலவற்றின் அடியை வெட்டிவிட்டதால் காற்று வரும். மழை உள்ளே அடிக்காதபடி அவற்றைச் சாய்த்துப் பொருத்தியிருக்கிறார்கள். திறந்த வாளி பூஜ்யம், மூடிய வாளி ஒன்று என்று வைத்து, நூல்கள் உலகின் சன்னல் என்ற பொருளுள்ள வாக்கியத்தை இரும எண்களில் சுவரிலேயே எழுதிவிட்டார்கள். அதைப் படிக்கத் தெரியாதவருக்கும் நிழலும் காற்றும் உண்டு. அடையாளமும் பயனும் ஒரே பொருளில் அமைந்தன.

மாணவியும் அதே வழியில் யோசித்தாள். முதல் வரிசையின் 4 அடித் திறப்பில் ஒரு ஷட்டர். இரவில் அதை இழுத்துப் பூட்டினால் நூல்கள் பத்திரம். முன்கூடத்தில் சுய உதவிக் குழுக் கூட்டமோ கதைசொல்லலோ நடக்கலாம். கழிப்பறைக்கு வெளியிலிருந்தும் ஒரு கதவு. திண்ணைக்குப் பூட்டே இல்லை. "சாவி யாரிடம் இருக்கும்?" என்றது ஜூரி. "வாசகர் வட்டத்திடம்" என்றாள். அந்தச் சொல்லும் கருத்துரையில் ஏறியது.

கடைசி வரைவில் 'அறிவு', 'ஆலயம்', 'ஒளி' எதுவும் இல்லை. திண்ணை, நடைவழி, ஷட்டர், சாவி இருந்தன. ஒரு பக்கம்கூட நிரம்பவில்லை.

1948-ன் சென்னைப் பொது நூலகச் சட்டம் தொட்டு, தமிழ்நாட்டில் சொத்து வரியோடு நூலக வரியும் வசூலாகிறது; இப்போது அது ரூபாய்க்குப் பத்துப் பைசா. அதாவது உங்கள் ஊர் நூலகம் உங்கள் காசில் நடப்பது. அடுத்த முறை ஊரில் புது நூலகக் கட்டடம் வருகிறது என்றால், முகப்பின் படத்தைப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். பிள்ளைகள் சத்தம் போட எங்கே இடம், பூட்டிய பிறகு உட்கார எங்கே இடம் என்று வரைபடத்தைக் காட்டிக் கேளுங்கள்.