ஆடிட்டரும் படிக்கும் கடிதம்

ஜி.எஸ்.டி. கணக்குச் சேவை தொடங்குகிறவர் ஒரு ஹார்டுவேர் கடைக்காரருக்கு முதன்முதலாக எழுதுகிறார்: "ஐயா, உங்கள் வரிக்கணக்கில் மாதாமாதம் பணம் நஷ்டமாகிறது. உங்கள் ஆடிட்டர் கவனிப்பதில்லை." கடைக்காரர் அதை அப்படியே தன் ஆடிட்டருக்கு அனுப்பிவிடுவார். பத்து வருடமாகப் பழகிய அந்த மனிதர் அதைப் படித்துவிட்டு என்ன பதில் சொல்வார் என்பதை ஊகிப்பது கடினமில்லை.

இப்படி எழுதுவது பொய்யும்கூட. ஒருவருடைய வரிக்கணக்கின் உள்விவரத்தை வெளியாள் பார்க்க முடியாது. எழுதியவருக்குத் தெரிந்தது பொதுவான ஒரு சிக்கல் மட்டுமே. கடைக்காரர் 2,00,000 ரூபாய்க்குச் சரக்கு வாங்கி, 18 சதவீதம் வரியாக 36,000 ரூபாயும் கொடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தான் கட்ட வேண்டிய வரியில் அதை அவர் கழித்துக்கொள்ளலாம். வியாபாரிகள் 'இன்புட்' என்பது இதைத்தான். ஆனால் விற்றவர் தன் ஜி.எஸ்.டி.ஆர்-1 படிவத்தை அடுத்த மாதம் 11ஆம் தேதிக்குள் தாக்கல் செய்யாவிட்டால், 14ஆம் தேதி உருவாகும் ஜி.எஸ்.டி.ஆர்-2பி பட்டியலில் அந்த பில் வராது. அந்த மாதம் 36,000 ரூபாயைக் கழிக்க முடியாது.

தவறியவர் சப்ளையர். கடைக்காரரோ அவருடைய ஆடிட்டரோ அல்ல. கடிதம் இந்த இடத்திலிருந்து தொடங்கினால் யாரையும் குறை சொல்ல வேண்டியிருக்காது:

"ஐயா, வணக்கம். சப்ளையர் தாமதமாகத் தாக்கல் செய்தால், நாம் வாங்கிய பில் அந்த மாத 2பி-யில் வராமல் போகலாம். உங்களுக்கு அப்படி நடக்கிறதா என்று எனக்குத் தெரியாது. சென்ற மாதக் கொள்முதலில் பெரிய பில்கள் ஐந்தை 2பி-யோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். உங்கள் ஆடிட்டர் ஏற்கெனவே ஒப்பிட்டு வந்தால் இந்தக் கடிதம் தேவையில்லை. ஒப்பிட நேரம் போதவில்லை என்றால், அந்த வேலையை மட்டும் நான் செய்து அவரிடம் பட்டியலாகத் தருகிறேன்."

சோதித்துப் பார்க்கும் வழியைக் கடைக்காரர் கையிலேயே கொடுத்துவிடுவதுதான் இதில் முக்கியம். அப்படி ஒரு வழியைக் காட்டாமல் 'இருக்கலாம்' என்ற சொல்லை மட்டும் சேர்ப்பதில் பயனில்லை. "நீங்கள் கவனிக்காமல் இருந்திருக்கலாம்" என்பது தயக்கத்தோடு சொன்ன குற்றச்சாட்டு, அவ்வளவுதான். "பல கடைகளில் பார்த்திருக்கிறேன்" என்பதையும் உண்மையில் பார்த்தவர் மட்டுமே எழுத வேண்டும்.

ஐந்தில் ஒரு பில் விடுபட்டிருப்பதாகப் பதில் வந்தாலும் உடனே பெரிதாக்கக் கூடாது. அந்த சப்ளையர் காலாண்டுக்கு ஒருமுறை தாக்கல் செய்கிறவராக இருந்தால், பில் பின்னொரு மாதத்தில் தானாக வந்துவிடக்கூடும். முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: "அந்த சப்ளையர் மாதாமாதம் தாக்கல் செய்கிறவரா, மூன்று மாதத்துக்கு ஒருமுறையா? உங்கள் ஆடிட்டருக்குத் தெரிந்திருக்கும், கேட்டுச் சொல்கிறீர்களா?"