பேட்ச் எண்ணும் லைன் வண்டியும்: திரும்பப் பெறும் அறிவிப்பை விநியோகஸ்தர் படிப்பது எப்படி?

2025 ஜனவரியில் பதஞ்சலி ஃபுட்ஸ் நிறுவனம் பங்குச் சந்தைக்கு ஒரு தகவல் அனுப்பியது. AJD2400012 என்ற பேட்ச் மிளகாய்த் தூளை முழுவதுமாகத் திரும்பப் பெறும்படி உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உத்தரவிட்டிருந்தது. பூச்சிக்கொல்லி எச்சம் அனுமதித்த அளவுக்கு மேல் இருந்ததுதான் காரணம். 200 கிராம் பாக்கெட்டுகளாக சுமார் 4 டன் சரக்கு. கணக்குப் போட்டால் 20 ஆயிரம் பாக்கெட்டுகள். அவற்றில் எத்தனை எந்த ஊருக்குப் போயின என்று இப்படிப்பட்ட செய்திகளில் இருக்காது. அதைத் தேடிச் சொல்ல வேண்டியவர் அந்தந்த ஊர் விநியோகஸ்தர்தான்.

இதேபோன்ற ஓர் அறிவிப்பு போடிநாயக்கனூர் விநியோகஸ்தர் ஒருவருக்கு வந்ததாக வைத்துக்கொள்வோம். முதல் வேலை பேட்ச் எண்ணை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவது. நடுவில் எத்தனை பூஜ்ஜியம், கடைசி எண் என்ன என்பது வரை பார்க்க வேண்டும். கடைசி எண் மாறினால் அது வேறு சரக்கு. தயாரிப்பு மாதம் ஒன்றுதானே என்று வேறு பேட்சைச் சேர்த்துக் கட்டுவதும் தப்பு, எண் பொருந்துவதை விட்டுவிடுவதும் தப்பு. எண்ணைப் படித்துச் சொல்லச் சொல்லி எழுதாமல், பாக்கெட்டைப் படம் எடுத்து ஒப்பிடுவது நல்லது.

சிக்கல் பில்லில்தான் வரும். கம்பெனியிடமிருந்து வந்த பில்லில் பேட்ச் எண் இருக்கும். கடைகளுக்கு நாம் போட்ட பில்லில் பெரும்பாலும் இருக்காது. கணினியில் பேட்ச் வாரியாக ஸ்டாக் வைக்கும் வசதியை இயக்காமலே வருடக்கணக்கில் வியாபாரம் ஓடியிருக்கும். அப்படியானால் அந்த பேட்ச் குடோனுக்குள் வந்த நாளிலிருந்து இன்று வரை அந்தப் பொருளை வாங்கிய எல்லாக் கடைகளுக்கும் தகவல் சொல்வதைத் தவிர வழியில்லை. கம்பெனி பில்லையும் பத்திரமாக வைக்க வேண்டும்; யாரிடமிருந்து வந்த சரக்கு என்று காட்ட முடியாமல் போனாலும் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி விநியோகஸ்தர்தான் பொறுப்பு.

அடுத்தது, செய்ய வேண்டியவை. விற்பனையை நிறுத்து, தனியே வை, கடைகளுக்குச் சொல், எண்ணிக்கையைத் தெரிவி, சரக்கைத் திருப்பு என்று அறிவிப்பு ஒரே பத்தியில் சொல்லிவிடும். ஒவ்வொரு வினைச்சொல்லையும் தனி வரியாக எழுதி, எதிரே யார் செய்வது, எந்த நேரத்துக்குள் என்று குறித்தால் பட்டியல் கிடைத்துவிடும். சொல்லாத வேலையைச் செய்யக்கூடாது என்பதும் முக்கியம். கம்பெனியோ உணவுப் பாதுகாப்பு அலுவலரோ சொல்லாமல் சரக்கை அழித்துவிட்டால் கணக்குக் காட்ட எதுவும் மிஞ்சாது. வழக்கமான டேமேஜ் சரக்கு மூலையில் போட்டாலும் ஆபத்து. அங்கிருந்து ஏதாவது பாக்கெட் மறுபடி வண்டி ஏறும்.

கெடு பார்க்கும்போது தேதிகளைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பதஞ்சலி விஷயத்தில் உத்தரவின் தேதி ஜனவரி 13; கம்பெனி கையில் கிடைத்தது 16. விநியோகஸ்தர் தனக்குக் கடிதம் வந்த நாளையும் மணியையும் அதன் மேலேயே எழுதிக்கொள்ள வேண்டும். ‘உடனடியாக’ என்று மட்டும் இருந்தால் விற்பனை நிறுத்தத்துக்கு அந்த மணிதான் கெடு.

மலைக்குப் போகும் லைனில் இது எளிதல்ல. வண்டி வாரம் ஒருமுறைதான் குரங்கணிப் பக்கம் போகும் என்றால், சரக்கு திரும்ப ஒரு வாரம் ஆகலாம். ஆனால் விற்காதீர்கள் என்ற தகவல் அன்றே போக வேண்டும். இரண்டும் வெவ்வேறு கெடு. போடிமெட்டைத் தாண்டிவிட்டால் பூப்பாறையும் சாந்தன்பாறையும் கேரளம். அங்குள்ள கடைகளைத் தனிப் பக்கத்தில் எழுதினால், எந்த மாநில அதிகாரி கேட்டாலும் கொடுக்கலாம்.

நம் விநியோகஸ்தருக்கு வந்தது 600 பாக்கெட் என்போம். குடோனில் இருப்பு 140, கடைகளுக்குப் போனது 460. அதில் 310 திரும்பி வந்தால், மீதி 150 வாடிக்கையாளர் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். அதை அப்படியே எழுத வேண்டும். 460 முழுதாகத் திரும்பியதாக அறிக்கை போனால், வேறு பேட்ச் பாக்கெட்டுகளும் கலந்து வந்துவிட்டனவோ என்று சந்தேகப்பட இடமிருக்கிறது. பதஞ்சலி, வாங்கிய கடையிலேயே கொடுத்து முழுப் பணத்தையும் பெற்றுக்கொள்ளும்படி வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது. அப்படி அறிவிக்கும்போது அந்த 150இலும் சில, வாரங்கள் கழித்துக்கூட வரும். ஆகவே கணக்கை முதல் அறிக்கையோடு மூடிவிடக் கூடாது.

ஏலக்காயில் இன்னும் கஷ்டம். போடி, புற்றடி ஏலத்தில் வாங்கிய பல லாட்டுகளைக் கொட்டி, தரம் பிரித்து, மறுபடி மூட்டை கட்டுகிறார்கள். எந்தெந்த லாட் எந்த மூட்டையில் போனது என்று அப்போதே எழுதாவிட்டால், ஒரு லாட்டில் குறை வந்தாலும் மொத்தத்தையும் நிறுத்த நேரும். அப்படி நிறுத்தினால் எவ்வளவு தேங்கும் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. 2023 ஜனவரியில், ஏலக்காயில் பூச்சிக்கொல்லி எச்சம் இருந்ததாகக் கூறி சபரிமலை அரவணைப் பாயச விற்பனையைக் கேரள உயர் நீதிமன்றம் நிறுத்தியது. அந்த ஏலக்காய் சேர்ந்த 6.65 லட்சம் டின்கள் தேங்கின. 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. அதற்குள் பாயசம் விற்கும் காலம் கடந்திருந்தது.