480 மாணவர்களா, 70 மாணவர்களா?

கல்வி ஆய்விதழ் ஒன்றுக்குக் கட்டுரை அனுப்பிச் சில மாதங்கள் காத்திருந்தால் இதழாசிரியரிடமிருந்து மின்னஞ்சல் வரும். ‘பெரிய திருத்தங்கள் தேவை’ என்று அதில் இருந்தால் வருத்தப்பட வேண்டாம். கதவு இன்னும் மூடப்படவில்லை. மின்னஞ்சலோடு இரண்டு மூன்று மதிப்பாய்வாளர்களின் குறிப்புகளும் வரும். அவர்கள் யார் என்று உங்களுக்குத் தெரியாது. பல கல்வி இதழ்களில் நீங்கள் யார் என்று அவர்களுக்கும் தெரியாது. இனி நீங்கள் இரண்டு ஆவணங்கள் எழுத வேண்டும். ஒன்று திருத்திய கட்டுரை. மற்றது, எந்தக் குறிப்புக்கு என்ன செய்தீர்கள் என்று சொல்லும் பதில் கடிதம்.

நான் முதன்முதலில் எழுதிய பதில் கடிதம் ஒன்றரைப் பக்கம்கூட இல்லை. குறிப்புகளுக்கு எதிரே ‘திருத்தப்பட்டது’, ‘சேர்க்கப்பட்டது’ என்று எழுதி அனுப்பிவிட்டேன். கட்டுரையில் உண்மையாகவே உழைத்திருந்தேன், ஆனால் அந்த உழைப்பு கடிதத்தில் தெரியவில்லை. எங்கே, என்ன, ஏன் என்று கேட்டு இதழாசிரியர் அதைத் திருப்பி அனுப்பினார். அதன்பின் பிறர் எழுதிய கடிதங்களை மதிப்பாய்வாளராக இருந்து படிக்க நேர்ந்தபோதுதான் அவர் கேட்டதன் நியாயம் எனக்குப் புரிந்தது. கட்டுரையைப் படித்துப் பல மாதம் ஆகியிருக்கும். முதலில் என்ன எழுதியிருந்தார்கள் என்பதே நினைவில் இருக்காது. கையில் இருக்கும் ஒரே வழிகாட்டி அந்தக் கடிதம்தான்.

ஒரு கட்டுரையை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். கதை என்னுடைய கற்பனை, சிக்கல் மட்டும் உண்மை. கல்வி ஆய்வில் அது அடிக்கடி வரும். ஒரு மாவட்டத்தில் 12 பள்ளிகள், பள்ளிக்கு ஒன்றாக 12 ஆறாம் வகுப்புகள், வகுப்புக்கு 40 பேர். குலுக்கல் முறையில் 6 வகுப்புகளைத் தேர்ந்து, மாணவர்கள் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து ஒருவருக்கொருவர் வாய்விட்டு வாசிக்கும் பயிற்சியைத் தருகிறார்கள். மற்ற 6 வகுப்புகளில் வழக்கமான பாடம் நடக்கிறது. கடைசியில் 50 மதிப்பெண்ணுக்கு ஒரு வாசிப்புத் தேர்வு. பயிற்சி பெற்றவர்கள் சராசரியாக 2.4 மதிப்பெண் கூடுதலாக எடுக்கிறார்கள். 480 பேரையும் வைத்துக் கணக்கிட்டால், உண்மையான வித்தியாசம் 1.0 முதல் 3.8 வரை இருக்கலாம் என்று வருகிறது. பூஜ்யம் அந்த இடைவெளிக்குள் இல்லை. ஆகவே ‘இணை வாசிப்பு வாசிப்புத் திறனை உயர்த்துகிறது’ என்று தலைப்பிட்டுக் கட்டுரையை அனுப்புகிறார்கள்.

முதல் மதிப்பாய்வாளரின் முதல் குறிப்பு இது: ‘பயிற்சி வகுப்பு வகுப்பாகத் தரப்பட்டிருக்கிறது. பகுப்பாய்வோ மாணவர்களைத் தனித்தனியாக எண்ணுகிறது. இதைச் சரிசெய்யாமல் முடிவை ஏற்க முடியாது.’

இது வார்த்தையை மாற்றித் தீர்க்கக்கூடிய குறிப்பு அல்ல. ஒரே வகுப்பின் 40 பேருக்கும் ஒரே ஆசிரியர், ஒரே கரும்பலகை, பெரும்பாலும் ஒரே ஊர்ச்சூழல். அதனால் அவர்களுடைய மதிப்பெண்கள் ஓரளவு ஒன்றையொன்று ஒத்திருக்கும். வகுப்பில் எல்லாரும் அச்சடித்தாற்போல் ஒரே மாதிரி இருந்தால், 480 பேரைச் சோதித்தாலும் 12 பேரைச் சோதித்ததற்குத்தான் சமம். கொஞ்சமும் ஒற்றுமை இல்லாவிட்டால் 480 என்பது 480தான். உண்மை நடுவில் எங்கோ இருக்கிறது. எங்கே என்று சொல்வது உள்வகுப்புத் தொடர்புக் கெழு என்ற ஓர் எண். அமெரிக்கப் பள்ளிகளின் தேசிய அளவிலான தரவுகளை வைத்து லாரி ஹெட்ஜஸும் எரிக் ஹெட்பெர்க்கும் 2007இல் இந்த எண்களைத் தொகுத்தார்கள். கணிதத்திலும் வாசிப்பிலும் அது 0.2ஐச் சுற்றியே வந்தது.

நம் எடுத்துக்காட்டில் 0.15 என்று வைப்போம். கணக்கு எளிது: 1 + (40 − 1) × 0.15 = 6.85. இதை வடிவமைப்பு விளைவு என்பார்கள். புள்ளியியலாளர் லெஸ்லி கிஷ் வழக்கில் கொண்டுவந்த பெயர் அது. 480ஐ 6.85ஆல் வகுத்தால் ஏறக்குறைய 70 வருகிறது. அதாவது 480 பேரைச் சோதித்த கட்டுரை, தகவல் அளவில் 70 பேரைச் சோதித்த கட்டுரைதான். மதிப்பெண்களின் திட்ட விலக்கம் 8 என்று கொண்டு இந்த முறையில் மறுபடி கணக்கிட்டால், வித்தியாசம் அதே 2.4. ஆனால் இடைவெளி −1.9 முதல் 6.7 வரை விரிந்துவிடுகிறது. பயிற்சி நன்றாகவே பலன் தந்திருக்கலாம். ஒன்றும் தராமலும் இருந்திருக்கலாம்.

குழுக்களைக் குலுக்கிப் பிரித்துவிட்டு, ஆட்களைக் குலுக்கியது போலக் கணக்கிடுவது தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வது என்று ஜெரோம் கார்ன்ஃபீல்ட் 1978லேயே எழுதினார். இன்றும் இந்தப் பிழை கட்டுரைகளில் வந்துகொண்டேதான் இருக்கிறது.

இந்த இடத்தில் இரண்டு விதமான கடிதங்களை எழுதலாம். ஒன்று: ‘மதிப்புமிக்க கருத்துக்கு நன்றி. பகுப்பாய்வு திருத்தப்பட்டுள்ளது. அட்டவணை 3 பார்க்க.’ நன்றி இருக்கிறது, அட்டவணையும் இருக்கிறது. ஆனால் முடிவு கவிழ்ந்துபோன செய்தி அதில் இல்லை. மதிப்பாய்வாளர் அட்டவணையைப் பார்த்து, பிறகு சுருக்கத்தைப் புரட்டினால் அங்கே பழைய வாக்கியம் அப்படியே நிற்கும்: ‘வாசிப்புத் திறன் உயர்ந்தது.’ அதன்பின் கட்டுரையின் மற்ற எதையும் அவர் நம்பிப் படிக்க மாட்டார்.

இன்னொன்று இப்படி இருக்கும்:

‘குறிப்பு 1க்குப் பதில்: நீங்கள் சொல்வது சரி. குலுக்கப்பட்டவை வகுப்புகள், நாங்கள் எண்ணியது மாணவர்களை. வகுப்பையும் ஒரு நிலையாகக் கொள்ளும் பலநிலை மாதிரியில் முழுப் பகுப்பாய்வையும் மறுபடி செய்தோம் (பக்கம் 9, வரி 212–231). வித்தியாசம் 2.4 மதிப்பெண் என்பது மாறவில்லை. அதன் 95 விழுக்காட்டு இடைவெளி 1.0–3.8 என்றிருந்தது, இப்போது −1.9 முதல் 6.7 வரை. ஆகவே பயிற்சி பலன் தந்தது என்ற எங்கள் முந்தைய முடிவை இந்தத் தரவு தாங்காது. தலைப்பு, சுருக்கம் (வரி 8–15), விவாதப் பகுதியின் முதல் இரண்டு பத்திகள், பரிந்துரைகள் ஆகியவற்றை இதற்கேற்ப மாற்றியிருக்கிறோம். சுருக்கத்தின் புதிய வாக்கியம்: “பயிற்சி பெற்ற வகுப்புகளின் சராசரி கூடுதலாக இருந்தது, ஆனால் 12 வகுப்புகளை வைத்து இதை உறுதிசெய்ய இயலவில்லை.”’

இந்தப் பதிலை எழுதக் கை நடுங்கும். தலைப்பையே விட்டுக்கொடுக்கிறோமே, கட்டுரை போய்விடாதா என்று தோன்றும். சில இதழ்களில் போகவும் போகலாம். ஆனால் அந்த அபாயம் பழைய கணக்கில் ஒளிந்து ஏற்கெனவே இருந்ததுதான். மதிப்பாய்வாளர் அதைக் கண்டுபிடித்த பிறகு மூடிவைக்க வழியில்லை.

இரண்டாவது குறிப்பு வேறு வகை: ‘பயிற்சிக்கு முன் மாணவர்களின் வாசிப்பு நிலை என்ன? முன்தேர்வு நடத்தியிருந்தால் அதைப் பகுப்பாய்வில் சேர்க்கவும்.’ நல்ல யோசனை. முன்தேர்வு மதிப்பெண் இருந்தால் வகுப்புகளுக்கு இடையிலான வேறுபாட்டின் பெரும்பகுதியைக் கழித்துவிடலாம், இடைவெளியும் குறுகும். ஆனால் இவர்கள் முன்தேர்வு நடத்தவில்லை. ஆண்டு முடிந்து மாணவர்கள் ஏழாம் வகுப்புக்குப் போய்விட்டார்கள். செய்ய முடியாததைச் செய்ய முடியாது என்றே சொல்ல வேண்டும். ‘முன்தேர்வு நடத்தப்படவில்லை. தொடக்கத்தில் இரு பிரிவும் சமமாக இருந்தன என்று காட்ட எங்களிடம் நேரடிச் சான்று இல்லை. இதை வரம்புகள் பகுதியில் முதல் வரம்பாகச் சேர்த்திருக்கிறோம் (வரி 388–394).’ இதற்கு மேல் ஒரு வாக்கியமும் வேண்டாம். பலர் இங்கே நேரமின்மை, நிதியின்மை என்று அரைப்பக்கம் எழுதுகிறார்கள். மதிப்பாய்வாளர் கேட்டது காரணத்தை அல்ல.

மூன்றாவது குறிப்பில் மறுப்புச் சொல்ல வேண்டியிருக்கிறது. ‘அரசுப் பள்ளிகளுக்கும் உதவிபெறும் பள்ளிகளுக்கும் முடிவுகளைத் தனித்தனியாகத் தரவும்’ என்று இரண்டாம் மதிப்பாய்வாளர் கேட்கிறார். 12இல் 8 அரசுப் பள்ளிகள், 4 உதவிபெறும் பள்ளிகள். அந்த நான்கில் பயிற்சி நடந்தது இரண்டில்தான். இரண்டு வகுப்பை இரண்டு வகுப்போடு ஒப்பிட்டால், ஒரே ஒரு நல்ல ஆசிரியர் இருப்பதே பள்ளி வகையின் விளைவாகத் தோன்றிவிடும். முதல் குறிப்பை ஏற்றுக்கொண்டவர்கள் இதைச் செய்யவே கூடாது. கேட்டவர் மனம் கோணாமல் இருக்கட்டும் என்று அட்டவணை போட்டுக் கொடுத்தால், தரவில் இல்லாத ஒன்று அச்சில் ஏறிவிடும். ‘பள்ளி வகை முக்கியம் என்பதில் எங்களுக்கும் உடன்பாடே. ஆனால் உதவிபெறும் பள்ளிகளில் பிரிவுக்கு இரண்டு வகுப்புகளே உள்ளதால் தனி ஒப்பீடு தவறான எண்ணம் தரும் என்று கருதுகிறோம். எத்தனை பள்ளிகள் எந்த வகை என்பதை மட்டும் அட்டவணை 1இல் சேர்த்திருக்கிறோம்.’ காரணம் தரவிலிருந்து வர வேண்டும். ‘எங்கள் ஆய்வின் நோக்கம் அதுவன்று’ என்று ஒற்றை வரியில் முடித்தால் அது மறுப்பு மட்டும்தான், விளக்கம் ஆகாது.

இரு மதிப்பாய்வாளர்கள் எதிரெதிராகக் கேட்பதும் உண்டு. அப்போது இருவருக்கும் தனித்தனியாகத் தலையாட்டாமல், கடிதத்தின் தொடக்கத்திலேயே முரண்பாட்டை இதழாசிரியருக்குச் சொல்லி, எதைத் தேர்ந்தீர்கள், ஏன் என்று எழுதுங்கள். முடிவெடுப்பவர் அவர்.

வடிவம் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மதிப்பாய்வாளரின் குறிப்பை ஒரு சொல்லும் மாற்றாமல் முழுதாக எடுத்துப் போட்டு, அதன் கீழே வேறு எழுத்துருவில் பதிலை எழுதுங்கள். ஒரே பத்தியில் மூன்று கேள்வி இருந்தால் மூன்றாகப் பிரித்துப் பதில் சொல்லுங்கள். இரண்டாவது கேள்விதான் பெரும்பாலும் விட்டுப்போகும். வில்லியம் நோபிள் 2017இல் பிளாஸ் கம்ப்யூட்டேஷனல் பயாலஜி இதழில் இப்படிப்பட்ட பத்து விதிகளை எழுதியிருக்கிறார். உயிரியலாளர்களுக்கென எழுதியது என்றாலும் கல்வித்துறைக்கும் அப்படியே பொருந்தும். வரி எண்களைக் கடைசியில் போடுங்கள். முதலில் போட்டால் பின்னால் செய்யும் ஒவ்வொரு திருத்தத்திலும் அவை நகர்ந்துவிடும். பெயர் மறைத்து மதிப்பாய்வு நடக்கும் இதழ் என்றால் கடிதத்தில் கல்லூரிப் பெயரோ, ‘எங்கள் முந்தைய கட்டுரையில்’ என்ற சொற்றொடரோ வரக்கூடாது. கோப்பின் பண்புகளில் ஒட்டிக்கொண்டிருக்கும் உங்கள் பெயரையும் நீக்கிவிடுங்கள்.

அனுப்பும் முன் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். கடிதத்தை மூடிவைத்துவிட்டு, திருத்திய கட்டுரையின் தலைப்பு, சுருக்கம், கடைசிப் பத்தி மூன்றை மட்டும் படியுங்கள். நம் எடுத்துக்காட்டில் பரிந்துரைப் பகுதியின் ஆறாவது வரியில் ‘இம்முறையை அனைத்துப் பள்ளிகளிலும் நடைமுறைப்படுத்தலாம்’ என்ற பழைய வாக்கியம் தப்பிக் கிடக்கிறது. கட்டுரையின் மற்ற எல்லா இடத்தையும் திருத்தியவர்கள் அதைக் கவனிக்கவில்லை. அதை ‘கூடுதல் பள்ளிகளில், முன்தேர்வுடன் சோதிக்க வேண்டும்’ என்று மாற்றி, கடிதத்தில் முதல் பதிலின் கீழ் அந்த வரி எண்ணையும் சேர்த்த பிறகே கோப்பை ஏற்ற வேண்டும்.