வசூல் நிலவரம்: மேலாளருக்கு மூன்று வரி

"இன்று கொஞ்சம் பணம் வந்தது. சிலது பாக்கி. ஒரு பார்ட்டி தகராறு செய்கிறார்." பனியன் கம்பெனிக் கணக்கர் மாலையில் இப்படி அனுப்பினால், விவரம் கேட்டு மேலாளர் உடனே போன் செய்வார்.

அதையே இப்படித் திருத்தலாம்:

வந்தது: ரூ.4,20,000, வங்கியில் வரவாகிவிட்டது.

பாக்கி: ரூ.2,50,000, கெடு தாண்டி 12 நாள். வெள்ளிக்கிழமை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

தகராறு: ரூ.80,000 பில்லில் ரூ.15,000, 50 டி-ஷர்ட் குறைவு என்கிறார்கள். டெலிவரி சலானைச் சரிபார்க்கிறோம். மீதி ரூ.65,000-ஐ இப்போதே கேட்கலாமா?

கைக்கு வந்த காசோலையை 'வந்தது' என்று எழுதக்கூடாது. வங்கியில் பணமாகும்வரை அது பாக்கிதான். திரும்பிவிட்டால் மறுநாள் கணக்கே மாறிவிடும்.

தகராறிலும் பில் முழுவதையும் போடக்கூடாது. சிக்கலில் இருப்பது ரூ.15,000 மட்டும். அதைப் பிரித்துக் காட்டாவிட்டால், மறுப்பே இல்லாத ரூ.65,000-ஐயும் யாரும் கேட்காமல் விட்டுவிடுவார்கள்.