ஆதாயம் வணிகத்தாலா, விலையேற்றத்தாலா?

பிட்காயினை அடிக்கடி வாங்கி விற்பவர்கள் ஆண்டு முடிவில் தம் கணக்கைப் பார்த்து, போட்ட பணம் பெருகியிருந்தால் மகிழ்ச்சி அடைகின்றனர். அம்மகிழ்ச்சி நியாயமானதுதானா என்பதை அந்த ஒரு தொகையைக் கொண்டு முடிவு செய்ய இயலாது. ஆண்டு முழுவதும் கண்விழித்து நடத்திய வணிகம் ஈட்டிய தொகை எவ்வளவு, எதுவும் செய்யாதிருந்தாலும் விலையேற்றம் தானாகவே தந்திருக்கக்கூடிய தொகை எவ்வளவு என இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். இதற்கு உதவும் எளிய அளவுகோல் ஒன்று உண்டு. அதே நாளில், அதே தொகைக்கு, அதே நாணயத்தை வாங்கி விற்காமல் வைத்திருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்று கணக்கிடுவதே அது.

2023-ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அவ்வாண்டின் தொடக்கத்தில் ஒரு பிட்காயினின் விலை ஏறத்தாழ 14 லட்சம் ரூபாய். ஆண்டு முடிவில் ஏறத்தாழ 35 லட்சம் ரூபாய். கணக்கு எளிதாக அமைவதற்காக இவ்விரு முழு எண்களையே கொள்வோம். இருவர் சனவரி முதல் நாளில் ஆளுக்கு 1,40,000 ரூபாயுடன் தொடங்குவதாகக் கற்பனை செய்வோம். முதலாமவர் அன்றே 0.1 பிட்காயின் வாங்கி, அதைத் தொடாமல் வைத்திருக்கிறார். ஆண்டு முடிவில் அதன் மதிப்பு 3,50,000 ரூபாய். இரண்டாமவர் ஆண்டு முழுவதும் வாங்கியும் விற்றும் 2,10,000 ரூபாயுடன் ஆண்டை நிறைவு செய்கிறார். அவர் கணக்கில் 70,000 ரூபாய் ஆதாயம் தெரிகிறது. நூற்றுக்கு ஐம்பது வீதம். தனியே பார்த்தால் இது சிறந்த விளைவு.

இப்பொழுது இரண்டாமவரின் கையிருப்பை ரூபாயில் அளக்காமல் நாணயத்தில் அளப்போம். ஆண்டு முடிவு விலையில் 2,10,000 ரூபாய்க்கு 0.06 பிட்காயின் மட்டுமே கிடைக்கும். அவர் தொடக்கத்தில் 0.1 நாணயம் வாங்கும் ஆற்றலோடு இருந்தவர். ஆகவே அவருடைய வணிகம் 0.04 நாணயத்தை இழந்துள்ளது. ரூபாய்க் கணக்கில் தெரிந்த ஆதாயம் முழுவதும் விலையேற்றம் தந்தது. வணிகம் அதில் பெரும்பகுதியைக் குறைத்துவிட்டது. இக்குறைவுக்குப் பெரும்பாலும் காரணம், விலை விரைந்து ஏறிய சில வாரங்களில் நாணயத்தை விற்றுவிட்டுப் பணமாக வைத்திருந்ததே ஆகும். 2023-இல் சனவரி, அக்டோபர் ஆகிய இரு மாதங்களில் விலை மற்ற மாதங்களைவிடப் பெருமளவு உயர்ந்தது. அவ்விரு மாதங்களைத் தவறவிட்டவருக்கு மற்ற மாதங்களில் செய்த நூறு சிறு வணிகங்கள் ஈடு செய்வது கடினம்.

இது வரிக்கு முந்தைய கணக்கு. 2022 ஏப்ரல் முதல் நம் நாட்டில் இத்தகைய மெய்நிகர் சொத்துகளை விற்றுப் பெறும் ஆதாயத்துக்கு 30 விழுக்காடு வரியும், அவ்வரியின்மீது 4 விழுக்காடு கூடுதல் தீர்வையும் உண்டு. வாங்கிய விலையைத் தவிர வேறு எச்செலவையும் கழிக்க இயலாது. ஒரு விற்பனையில் நேர்ந்த நட்டத்தை மற்றொரு விற்பனையின் ஆதாயத்திலிருந்து கழிக்கவும் வழியில்லை. இவ்விதி அடிக்கடி விற்பவரை எவ்வாறு பாதிக்கிறது என்பதை நம் எடுத்துக்காட்டிலேயே காணலாம். இரண்டாமவர் ஆதாயத்தில் விற்றவற்றின் கூட்டுத்தொகை 1,20,000 ரூபாய் என்றும், நட்டத்தில் விற்றவற்றின் கூட்டுத்தொகை 50,000 ரூபாய் என்றும் கொள்வோம். கையில் மிஞ்சியது 70,000 ரூபாயே ஆயினும், வரி 1,20,000 ரூபாய்க்குக் கணக்கிடப்படும். வரியும் தீர்வையும் சேர்ந்து 37,440 ரூபாய். வரி செலுத்தியபின் அவரிடம் இருப்பது 1,72,560 ரூபாய். வணிகத் தளத்தின் கட்டணங்களை இதிலிருந்து மேலும் கழிக்க வேண்டும்.

ஒப்பீடு நேர்மையாக அமைய, முதலாமவரும் ஆண்டின் இறுதி நாளில் விற்றதாகவே கொள்ள வேண்டும். அவருடைய ஆதாயம் 2,10,000 ரூபாய். வரியும் தீர்வையும் 65,520 ரூபாய். கையில் நிற்பது 2,84,480 ரூபாய். அவர் ஒரே ஒருமுறை விற்பதால், மூலத்தில் பிடிக்கப்படும் 1 விழுக்காடும் ஒருமுறையே பிடிக்கப்படுகிறது. நாற்பது முறை விற்பவருக்கு நாற்பது முறையும் பிடிக்கப்படும். அத்தொகை பின்னர் வரியில் ஈடு செய்யப்படும் என்றாலும், அதுவரை முதலின் ஒரு பகுதி முடங்கிக் கிடக்கும்.

இவ்வொப்பீட்டில் மிகுதியாக நேரும் பிழை, இடையில் செலுத்திய பணத்தை மறந்துவிடுவதாகும். நம் இரண்டாமவர் சூலை மாதத்தில், விலை 25 லட்சம் ரூபாயாக இருந்தபோது, மேலும் 50,000 ரூபாய் செலுத்தியிருந்தால், அத்தொகைக்கு அன்று 0.02 பிட்காயின் கிடைத்திருக்கும். எனவே அவருக்குரிய அளவுகோல் 0.12 நாணயமாக உயர்ந்துவிடும். இதைச் சேர்க்காவிட்டால், தாமே போட்ட பணம் ஆதாயமாகத் தோன்றும். பணம் எடுத்திருந்தால் அதே முறையில் அன்றைய விலைக்குரிய நாணய அளவைக் கழிக்க வேண்டும். இதற்கு நாள், தொகை, அன்றைய விலை, நாணய அளவு என நான்கு பத்திகள் கொண்ட ஒரு குறிப்பேடு போதும். ஒப்பிட வேண்டிய நாணயத்தையும் தொடக்க நாளையும் முன்கூட்டியே எழுதி வைத்துவிட வேண்டும். ஆண்டு முடிந்தபின் தேர்ந்தெடுத்தால், நமக்குச் சாதகமானதையே தேர்ந்தெடுக்கும் எண்ணம் மேலோங்கும்.

இவ்வளவுகோலுக்கும் எல்லை உண்டு. 2022-ஆம் ஆண்டில் பிட்காயினின் விலை ஏறத்தாழ 35 லட்சம் ரூபாயிலிருந்து 14 லட்சம் ரூபாய்க்கு இறங்கியது. அவ்வாண்டு 3,50,000 ரூபாயுடன், அதாவது 0.1 நாணயத்துக்குரிய பணத்துடன் தொடங்கிய ஒருவர், வாங்கியும் விற்றும் 2,10,000 ரூபாயுடன் முடித்திருந்தால், நாணய அளவில் அவரிடம் 0.15 இருக்கும். வைத்திருந்தவரை அவர் நன்றாகவே வென்றுவிட்டார். ஆயினும் அவருடைய பணத்தில் 1,40,000 ரூபாய் போய்விட்டது. முந்தைய எடுத்துக்காட்டிலும் இறுதித் தொகை இதே 2,10,000 ரூபாய்தான். அங்கே ஆதாயம் கண்டும் வணிகம் தோற்றது. இங்கே நட்டம் கண்டும் வணிகம் வென்றது.

ஆகவே விலை ஏறிய ஓராண்டை மட்டும் கொண்டோ, இறங்கிய ஓராண்டை மட்டும் கொண்டோ ஒருவரின் வணிகத் திறனை மதிப்பிடலாகாது. இரண்டும் அடங்கிய காலம் வேண்டும். அந்நாணயத்தில் பணம் போடுவதே தகுமா என்ற கேள்விக்கும் இவ்வளவுகோல் விடை தராது. அதற்கு வேறொரு ஒப்பீடு தேவை. 2022-இன் தொடக்கத்தில் வாங்கி 2023-இன் முடிவுவரை வைத்திருந்தவர், கடும் இறக்கத்தைக் கண்டு, இரண்டாண்டுக்குப்பின் ஏறத்தாழ தொடங்கிய இடத்திலேயே நின்றார். அதே இரண்டாண்டில் ஒரு நிரந்தர வைப்புத்தொகை வட்டியுடன் வளர்ந்திருந்தது. எனவே குறிப்பேட்டில் ஐந்தாவதாக ஒரு பத்தியைச் சேர்த்து, அதே பணம் வைப்பில் இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பதையும் எழுதிவருதல் நலம்.