தினமும் 1200 ரூபாய் வரை: ஒரு டெலிவரி வேலை மெசேஜின் உள்கணக்கு

“டெலிவரி ரைடர்கள் உடனடித் தேவை. ஏரியா: வேளச்சேரி, மேடவாக்கம், பள்ளிக்கரணை. நேரம்: காலை 6 முதல் 3, மதியம் 3 முதல் இரவு 12. பார்ட் டைமும் உண்டு. தினமும் ரூ.1200 வரை சம்பாதிக்கலாம். வாராவாரம் பேமென்ட். ஜாய்னிங் போனஸ் ரூ.3000. தேவையானவை: ஆதார், பான், லைசென்ஸ், ஆர்.சி., பேங்க் பாஸ்புக், ஆண்ட்ராய்டு போன். தெரிந்தவர்களுக்கு ஃபார்வர்டு பண்ணவும்.”

சென்னையில் வேலை தேடுகிற இளைஞர்களின் வாட்ஸ்அப்புக்கு இந்த அச்சில் வார்த்த மெசேஜ்கள் வந்துகொண்டே இருக்கின்றன. ஏரியாவும் தொகையும் மட்டும் மாறும். பெரும்பாலானவை பொய்யில்லை, வேலை நிஜமாகவே இருக்கிறது. ஆனால் சேருவதற்கு முன் ஒருவருக்குத் தெரிய வேண்டியதில் பாதிகூட அதில் இருக்காது. அதற்குக் காரணம், மெசேஜை எழுதுகிறவருக்குப் பணம் எப்படி வருகிறது என்பதில் இருக்கிறது.

இதை அனுப்புவது பல நேரங்களில் ஆப் கம்பெனி அல்ல. கம்பெனிக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கும் வெண்டர், அவருக்குக் கீழே இருக்கும் டீம் லீடர், அல்லது ஏற்கெனவே ஓட்டிக்கொண்டிருக்கும் ஒரு ரைடர். புதிதாகச் சேர்ந்தவர் குறிப்பிட்ட நாளுக்குள் குறிப்பிட்ட எண்ணிக்கை ஆர்டர்களை முடித்தால், சேர்த்துவிட்டவருக்குத் தலைக்கு இவ்வளவு என்று கிடைக்கும். அதனால் ஆளை முதல் சில வாரங்களுக்குள் கொண்டுவருவதுதான் அந்த மெசேஜின் வேலை. நான்காவது மாதம் அவர் கையில் என்ன மிஞ்சும் என்பது எழுதியவரின் கணக்கிலேயே வராது.

மெசேஜின் வயதையும் பார்க்க வேண்டும். வாட்ஸ்அப்பில் ஒரு பிராட்காஸ்ட் லிஸ்டில் 256 பேருக்கு மேல் சேர்க்க முடியாது. அனுப்புகிறவரின் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அது போய்ச் சேரும். ஆகவே நமக்கு வருவது அநேகமாக குரூப் குரூப்பாகக் கைமாறி வந்ததுதான். மேலே இரட்டை அம்புக்குறி இருந்தால் அது ஐந்து கைகளையாவது தாண்டி வந்திருக்கிறது. இந்தத் தொழிலில் ரேட் அடிக்கடி மாறும். ஓர் ஏரியாவில் புது ஸ்டோர் திறக்கும்போது ஆள் பிடிக்க இன்சென்டிவை உயர்த்துவார்கள், ரைடர்கள் நிறைந்ததும் இறக்குவார்கள். திறப்பு விழா ரேட்டைச் சொல்லும் பழைய மெசேஜ், மாதங்கள் கழித்தும் சுற்றிக்கொண்டிருக்கும்.

இனி அந்த 1200 ரூபாய். அது சம்பளம் இல்லை. ஓர் ஆர்டருக்கு இவ்வளவு என்று வரும் தொகையும், இத்தனை ஆர்டர் முடித்தால் இவ்வளவு என்று வரும் இன்சென்டிவும் சேர்ந்து ஒரு நல்ல நாளில் தொடக்கூடிய உச்சம். ஒரு சாதாரண நாளை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். தொகைகள் உதாரணத்துக்குத்தான், அவரவர் ஏரியா ரேட்டைப் போட்டுக்கொள்ளலாம், கணக்கின் போக்கு மாறாது.

பத்து நிமிடத்தில் மளிகை கொண்டுவந்து தரும் ஆப்புக்கு, பள்ளிக்கரணைப் பக்கம் ஒரு டார்க் ஸ்டோரில் ஒருவர் சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பத்து மணி நேரம் லாகினில் இருக்கிறார். 26 ஆர்டர் முடிக்கிறார். சராசரியாக ஆர்டருக்கு 30 ரூபாய் என்றால் 780 ரூபாய். 22 ஆர்டருக்கு 150 ரூபாய் இன்சென்டிவ், 28 ஆர்டருக்கு 300 ரூபாய் என்று படிக்கட்டு வைத்திருக்கிறார்கள். இவர் முதல் படியைத் தாண்டிவிட்டார், இரண்டாவதற்கு இரண்டு ஆர்டர் குறைந்துவிட்டது. மொத்தம் 930 ரூபாய்.

இப்போது வண்டிச் செலவு. ஸ்டோரிலிருந்து வாடிக்கையாளர் வீடு சராசரியாக இரண்டரை கிலோமீட்டர். போகிற தூரம்தான் ஆப்பில் பெரிதாகத் தெரியும். அடுத்த ஆர்டரை எடுக்கத் திரும்பி வருகிற இரண்டரை கிலோமீட்டருக்கும் பெட்ரோல் நம்முடையது. ஆக ஓர் ஆர்டருக்கு 5 கிலோமீட்டர், 26 ஆர்டருக்கு 130. வீட்டிலிருந்து வந்துபோக இன்னொரு 10. சென்னை நெரிசலில், நின்று நின்று ஓட்டும்போது, வண்டி லிட்டருக்கு 45 கொடுத்தால் மூன்று லிட்டருக்குக் கொஞ்சம் மேலே ஆகும். லிட்டர் சுமார் 100 ரூபாய் என்று வைத்தால் 310 ரூபாய் போய்விடுகிறது.

அடுத்ததைத்தான் புதிதாகச் சேருகிறவர்கள் விட்டுவிடுகிறார்கள். ஒரு நாளைக்கு 140 கிலோமீட்டர் என்றால் மாதம் 26 நாளில் 3600 கிலோமீட்டருக்கு மேல். வீட்டு உபயோகத்துக்கு ஓடுகிற வண்டி சில மாதங்களில் ஓடுவதை இது ஒரே மாதத்தில் ஓடுகிறது. ஆயில் மாதாமாதம் மாற்ற வேண்டியிருக்கும். பிரேக் ஷூ, செயின் ஸ்ப்ராக்கெட், டயர் எல்லாம் சீக்கிரம் தேயும். இதற்கென்று தினம் 80 ரூபாய் எடுத்து வைத்தால்தான் ஒரு நாள் திடீரென்று கடன் வாங்க வேண்டி வராது. போன் டேட்டாவுக்குப் பத்து ரூபாய். எல்லாம் போக மிஞ்சுவது 530 ரூபாய். மணிக்கு 53 ரூபாய். வண்டி டியூவில் எடுத்ததாக இருந்து மாதம் 3500 கட்ட வேண்டுமென்றால், அதிலும் நாளொன்றுக்கு 135 ரூபாய் குறையும். சாப்பாடு, டீ இன்னும் சேர்க்கவில்லை.

நான் இதை எழுதுவது யாரையும் போகாதீர்கள் என்று தடுக்க அல்ல. கையில் வேறு வேலை இல்லாதவருக்கு, வாராவாரம் அக்கவுன்டில் விழும் பணம் பெரிய ஆறுதல். ஆனால் ஒருவர் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியது இந்த 53 ரூபாயையே ஒழிய, மெசேஜில் இருக்கும் 1200 ரூபாயை அல்ல.

இதே கணக்கில் ஷிப்டும் ஏரியாவும் உள்ளே வந்துவிடுகின்றன. உணவு டெலிவரியில் மதியம் 12 முதல் 3, இரவு 7 முதல் 11 என்று இரண்டு உச்ச நேரங்கள். மூன்றிலிருந்து ஆறுவரை ஹோட்டல் வாசலிலோ மரத்தடியிலோ காத்திருப்பதுதான் பெரும்பாலும் நடக்கும். அந்த நேரமும் லாகின் நேரமே. ஆனால் ஆர்டர் இல்லையேல் காசு இல்லை. ஆகவே மாலை ஏழு முதல் பதினொன்று வரை மட்டும் ஓட்டும் பார்ட் டைம்காரருக்கு நாளின் மொத்தம் குறைவாக இருந்தாலும் மணிக்கு விழுவது ஃபுல் டைம்காரரைவிடக் கூடுதலாக இருக்கக்கூடும். கல்லூரி மாணவருக்கும் பகலில் வேறு வேலை பார்ப்பவருக்கும் இது முக்கியமான செய்தி. “மினிமம் கேரண்டி” என்று சொன்னால் கூடவே நிபந்தனைகளையும் கேட்க வேண்டும்: எத்தனை மணி லாகின், சனி ஞாயிறு கட்டாயமா, ஓர் ஆர்டரை வேண்டாமென்று தள்ளினால் கேரண்டி போய்விடுமா? பெரும்பாலும் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஒரு விசேஷத்துக்கு லீவு போட்டதால் அந்த வாரக் கேரண்டியே கைவிட்டுப் போவது சாதாரணமாக நடப்பது.

ஏரியாவைப் பொறுத்தவரை, மளிகை ஆப் என்றால் ஒரு ஸ்டோரைச் சுற்றியே ஓடுவீர்கள். உணவு ஆப் என்றால் வேளச்சேரியில் எடுத்த பிரியாணி உங்களைப் பெருங்குடியில் கொண்டுபோய் விட்டுவிடும்; அங்கிருந்து ஆர்டர் கிடைக்கும் இடத்துக்கு வெறும் வண்டியோடு வர வேண்டும். வேளச்சேரி, பள்ளிக்கரணை, மடிப்பாக்கம் வட்டாரத்துக்கு இன்னொரு சங்கதியும் உண்டு. வடகிழக்குப் பருவமழையில் சதுப்பு நிலத்தை ஒட்டிய தெருக்களில் தண்ணீர் நிற்கும். மழைக்குத் தனி இன்சென்டிவ் வரும். ஆனால் சைலன்சரில் தண்ணீர் ஏறி வண்டி நின்றால் அந்தச் செலவு ரைடரின் தலையில்தான்.

இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று தோன்றும். மெசேஜ் கேட்கும் ஆவணங்களில் ஆர்.சி. இருக்கும், இன்சூரன்ஸும் சில நேரம் இருக்கும். அது என்ன வகை என்று யாரும் கேட்பதில்லை. வெள்ளை நம்பர் பிளேட் பைக்குக்கு நாம் எடுக்கும் வழக்கமான பாலிசியில், வண்டியை எதற்கெல்லாம் பயன்படுத்தக் கூடாது என்று ஒரு பகுதி உண்டு. வாடகைக்கோ கூலிக்கோ ஓட்டுவதும், சொந்த லக்கேஜையும் சாம்பிளையும் தவிர வேறு சரக்கு ஏற்றுவதும் அதில் விலக்கப்பட்டிருக்கும். டெலிவரி பையோடு போகும்போது விபத்து நடந்தால், இதைக் காட்டி வண்டிச் சேதத்துக்கான கிளெய்மைத் தள்ள கம்பெனிக்கு இடம் கிடைக்கிறது. பாலிசியைப் புதுப்பிக்கும்போதே ஏஜென்டிடம் டெலிவரிக்கு ஓட்டப்போகிறேன் என்று சொல்லி, அதற்கான பாலிசி கேட்பது நல்லது. ஆப் தரும் விபத்துக் காப்பீடு வேறு; அது எப்போது பொருந்தும் என்று சேரும்போதே கேளுங்கள். ஆர்டர் கையில் இருக்கும்போது மட்டுமா, லாகின் செய்த நேரம் முழுவதுமா, வேலை முடித்து வீடு திரும்பும் வழியிலுமா என்பதில் வித்தியாசம் பெரிது.

“லைசென்ஸ் தேவையில்லை, எலெக்ட்ரிக் வண்டி நாங்களே தருகிறோம்” என்று சில மெசேஜ்களில் இருக்கும். அது சட்டப்படி சாத்தியம்தான். மோட்டார் சக்தி 250 வாட்டுக்கும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் உட்பட்ட வண்டிக்கு லைசென்ஸும் பதிவும் வேண்டாம். ஆனால் அந்த வண்டிக்கு நாள் வாடகை உண்டு. ஓட்டாத நாளுக்கும் அது பிடிக்கப்படுமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அந்த வேகத்தில் ஒரு மணி நேரத்தில் முடிக்கக்கூடிய ஆர்டரும் குறையும்.

மீதி ஆவணங்கள் கைமாறும் விதத்தில்தான் நிஜமான ஆபத்து. மெசேஜில் இருக்கும் எண்ணுக்குப் போன் போட்டால், “ஆதார், பான் போட்டோ எடுத்து அனுப்பு தம்பி, ஐடி நானே போட்டுத் தரேன், ஓடிபி வந்தா சொல்லு” என்பார்கள். “சரிண்ணா” என்று சொல்லிவிடாதீர்கள். ஆப்பை பிளே ஸ்டோரில் இருந்து இறக்கி, ஆவணங்களை அதில் நீங்களே ஏற்றலாம். சேர்த்துவிட்டவரின் கணக்குக்காக அவர் தரும் ரெஃபரல் கோடைப் போட்டால் போதும், அவருக்கும் நஷ்டமில்லை. உங்கள் பெயரில் போட்ட ஐடியை வேறொருவர் வாடகைக்கு ஓட்டி, விபத்தோ புகாரோ வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். பாஸ்புக் முதல் பக்கம் கேட்பது நியாயம். ஏடிஎம் கார்டும் சிம்மும் கேட்டால் அது டெலிவரி வேலையே இல்லை. மோசடிப் பணத்தைச் சுற்றிவிட அக்கவுன்ட் தேடுகிறார்கள். பை, டீ-ஷர்ட் பணத்தை வாரப் பேமென்டில் பிடிப்பது உண்டு. ஒருவரின் சொந்த எண்ணுக்கு முன்கூட்டியே அனுப்பச் சொன்னால் அனுப்ப வேண்டாம். அனுப்பிவிட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழைக்க வேண்டும்.

பான் எண் மட்டும் ரைடருக்கே லாபம் தருவது. வருடத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல் ஒரே கம்பெனியில் ஈட்டுகிறவருக்கு ஒரு சதவீதம் வரி பிடிப்பார்கள். பான் இல்லையென்றால் 20 சதவீதம். மாதம் இருபதாயிரம் சம்பாதிப்பவர் வருமான வரி கட்ட வேண்டிய எல்லைக்குள்ளேயே வருவதில்லை. ஆகவே பிடித்த பணம் முழுவதும் அவருக்குத் திரும்ப வர வேண்டியது. அதற்கு அவர் ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டும். இதோடு, 2023-இல் தமிழ்நாடு அரசு இணையம் சார்ந்த கிக் தொழிலாளர்களுக்கென்று தனி நல வாரியம் அமைத்திருக்கிறது. அதில் பதிவு செய்ய ஆதாரோடு, தான் ஓட்டுகிற ஆப்பின் ஐடி தன் பெயரிலேயே இருப்பதைக் காட்டக்கூடியவராக இருப்பது நல்லது. அடுத்தவர் ஐடியில் ஓட்டுகிறவர் வருடக்கணக்கில் ஓட்டினாலும் அதைக் காட்ட முடியாது.