விலையேற்றத்தை மறைக்காமல் சொல்லும் கடிதம்

செக்கு நல்லெண்ணெய்க் கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் எண்ணெய்க்குச் சுமார் இரண்டரை கிலோ எள் வேண்டும். எள் கிலோவுக்கு 20 ரூபாய் ஏறினால், லிட்டருக்கு 50 ரூபாய் கூடுதல் செலவு. புண்ணாக்கு விற்ற காசில் 10 ரூபாய் ஈடாகிறது என்றால், மீதி 40 ரூபாயை வாடிக்கையாளரிடம்தான் கேட்க வேண்டும்.

கடிதத்தில் முதலில் வரவேண்டியது இதுதான்: "அடுத்த மாதம் 1-ஆம் தேதி முதல் லிட்டர் 400 ரூபாயிலிருந்து 440 ரூபாய் ஆகிறது." நன்றியும் நலம் விசாரிப்பும் அப்புறம். மூன்று பத்தி தாண்டித்தான் விலை தெரிகிறது என்றால், படிப்பவருக்கு அந்த நன்றியே நடிப்பாகத் தோன்றும்.

அடுத்து, மேலே போட்ட கணக்கை இரண்டே வரியில் சொல்லலாம். "தவிர்க்க முடியாத காரணங்களால்" என்று எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் எள்ளைக் காரணம் காட்டினால், எள் விலை இறங்கும்போது எண்ணெய் விலையையும் குறைக்க வேண்டியிருக்கும். அதற்கு மனமில்லாதவர் அந்தக் காரணத்தைச் சொல்லாமலிருப்பது நல்லது.

பழைய வாடிக்கையாளருக்கு வெறும் வார்த்தை போதாது. "இந்த மாதக் கடைசிவரை பணம் கட்டியவர்களுக்குப் பழைய விலையே" என்ற ஒரு வரியில்தான் உண்மையான மரியாதை இருக்கிறது. விலையைத் தொடாமல் பாட்டிலை 900 மில்லியாகச் சுருக்கும் கடைக்காரருக்கு அந்த மரியாதை கிடைக்காது.